மூன்று மாதம் வீட்டில் இருக்கச் சொல்லி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள்

செங்கலடி_மகள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பெயர் வேண்டாம். மொத்தம் 140 பேர் அளவில் இருக்கிறோம். நான் சேர்ந்து 11 வருடம் முடிந்துவிட்டது, மெஷினில் தொடங்கி இப்போது லைன் பார்க்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு 60 பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஓடர் இல்லை, திங்கட்கிழமையிலிருந்து மூன்று மாதம் வீட்டில் இருங்கள், ஓடர் வந்ததும் கூப்பிடுவோம் என்றார் எச்.ஆர். ஐயா. மேசையில் ஒரு தாள், பக்கத்தில் நூல் கட்டிய பேனா. தாள் முழுக்கச் சிங்களம். எனக்குப் பேச்சுச் சிங்களம் தெரியும், வாசிக்க வராது. பின்னால் நின்ற பிள்ளை ஒருத்தி மெல்ல வாசித்துச் சொன்னாள்: "எனது விருப்பத்தின் பேரில், மீண்டும் அழைக்கப்படும் வரை சம்பளம் இல்லாமல் இருக்கச் சம்மதிக்கிறேன்." நான் தலைவலி என்று சொல்லிக் கையெழுத்து வைக்காமல் வந்துவிட்டேன். 17 பேர் வைத்துவிட்டார்கள்.

இன்னொரு கதையும் ஓடுகிறது. தொழிற்சாலையையே மூடி, மெஷின்களைக் குருநாகல் பக்கம் உள்ள தங்களின் மற்ற இடத்துக்குக் கொண்டு போகப் போகிறார்களாம். அப்படி மூடினால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் தருவார்களாம்.

இதற்கு என்ன பெயர்? லே ஓஃபா, ஆட்குறைப்பா, மூடுவதா? எதற்கு எத்தனை நாள் அறிவித்தல், எவ்வளவு காசு? கையெழுத்து வைக்கலாமா? செவ்வாய்க்கிழமை திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

தோணிக்காரன்

தங்கச்சி, பயப்படாதீர்கள், சட்டம் தெளிவாக இருக்கிறது. இதைப் பற்றி நான் நிறைய வீடியோ பார்த்திருக்கிறேன். தற்காலிகமாக வீட்டில் இருக்கச் சொன்னால் அது லே ஓஃப், 45 நாளைக்குப் பாதிச் சம்பளம் கட்டாயம் தர வேண்டும். ஆள் கூடுதல் என்று நிரந்தரமாக நிறுத்தினால் ஆட்குறைப்பு, ஒரு மாத நோட்டீசும் வருடத்துக்கு 15 நாள் சம்பளமும். மூடினால் 60 நாள் நோட்டீஸ், அதே 15 நாள் கணக்கு. ஆகவே அரை மாதம் தருகிறார்கள் என்றால் கம்பனி சரியாகத்தான் செய்கிறது. பாதிச் சம்பளத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு கையெழுத்து வையுங்கள்.

களுதாவளை_அக்கா

பாதிச் சம்பளம் உண்மைதான் மகள். 2020 இல் கொரோனாவுக்கு எங்களை வீட்டில் வைத்தபோது மாதம் 14,500 ரூபா தந்தார்கள். எனக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அதைவிடக் குறைவு, அதனால் 14,500. கூடினவர்களுக்குப் பாதி. அந்தக் காசில்தான் அரிசியும் மாவும் வாங்கினோம். அதே சட்டம் இப்போதும் இருக்கும்தானே?

காரைதீவு_ஓய்வு

தொழில் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். மூன்று பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

தோணிக்காரன் தம்பி, நீங்கள் சொன்ன அத்தனையும் இந்தியாவின் 1947 ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டத்தில் 2025 வரை இருந்தவை. தமிழில் தேடினால் அதுதான் முதலில் வரும், உங்கள் பிழை இல்லை. அங்கே மூன்றுக்கும் தனித்தனிப் பிரிவு, தனித்தனிக் கணக்கு. இந்தக் கடலுக்கு இந்தப் பக்கம் அது செல்லாது.

நமது நாட்டில் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம், தொழிலை முடிவுறுத்தல் சட்டம் என்போம், வழக்கத்தில் டெவா. அதன் முறையே வேறு. தண்டனையாக இல்லாமல் வேறு எந்தக் காரணத்துக்காக ஒருவருடைய வேலையை முதலாளி நிறுத்தினாலும் அது முடிவுறுத்தல்தான். தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதும் அதற்குள் வரும், நிரந்தரமாக விடுவதும் வரும், தொழிலை மூடுவதால் வேலை போவதும் வரும். நீங்கள் கேட்ட மூன்றும் ஒரே வாசலால்தான் உள்ளே வர வேண்டும். அந்த வாசலுக்கு இரண்டே திறப்பு: ஒன்று, ஊழியர் முன்கூட்டியே எழுத்தில் தரும் சம்மதம். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகம் முன்கூட்டியே எழுத்தில் தரும் அனுமதி. இரண்டும் இல்லாமல் செய்தால் அந்த நிறுத்தம் செல்லாது.

இப்போது அந்தச் சிங்களத் தாளைத் திரும்பப் பாருங்கள் மகள். கம்பனி ஆணையாளரிடம் போகவில்லை. போனால் கணக்குப் புத்தகம் காட்ட வேண்டும், ஏன் ஓடர் இல்லை என்று விளக்க வேண்டும், என்ன தருவோம் என்று சொல்ல வேண்டும். அதனால் மற்றத் திறப்பை உங்களிடம் கேட்கிறார்கள். "எனது விருப்பத்தின் பேரில்" என்ற அந்த வரிதான் அது. தலைவலி வந்தது நல்லதாகப் போயிற்று.

களுதாவளை அக்கா, உங்களுக்குக் கிடைத்தது நிரந்தரச் சட்டம் அல்ல. 2020 மே மாதம் அரசும் முதலாளிமார் தரப்பும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசிச் செய்த உடன்பாடு. அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500, எது கூடவோ அது. அந்தக் காலத்துக்காகச் செய்தது. இப்போது ஓடர் இல்லாத தொழிற்சாலைக்கு அதைக் காட்டிப் பாதி கொடுக்க முடியாது, பாதி கேட்டு அடங்கவும் தேவையில்லை. சம்மதமும் அனுமதியும் இல்லாமல் வீட்டில் வைத்தால், திரும்ப வேலை கொடு, வைத்திருந்த நாளுக்குச் சம்பளமும் கொடு என்று ஆணையாளர் கட்டளை இடலாம்.

செங்கலடி_மகள்

ஐயா, நன்றி. அப்படியானால் செவ்வாய்க்கிழமை நான் என்ன செய்ய வேண்டும்? போகாமல் இருக்கவா?

காரைதீவு_ஓய்வு

போகாமல் இருக்கவே வேண்டாம். திங்களே போங்கள். வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான உடுப்போடு, கம்பனி பஸ் ஏற்றாவிட்டால் சொந்தச் செலவில். வாசலில் நிறுத்தினால் யார் நிறுத்தினார், எத்தனை மணி என்று கொப்பியில் எழுதுங்கள், பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் விசாரணையில் கம்பனி சொல்லப் போகும் முதல் வசனம் எனக்கு இப்போதே தெரியும்: "நாங்கள் நிறுத்தவில்லை, அவர்கள் தாங்களாக வரவில்லை." வேலையைக் கைவிட்டுப் போனார்கள் என்று ஆக்கிவிட்டால் உங்கள் முறைப்பாட்டின் அடி ஆட்டம் காணும். நான் பார்த்த பல முறைப்பாடுகள் இந்த ஒரு இடத்தில்தான் விழுந்தன.

அன்றைக்கே மட்டக்களப்பு தொழில் அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். தமிழில் எழுதலாம். நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், சேமலாப நிதிக் கூற்று, அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்துக் கொள்ளுங்கள். தாளின் படம் யாரிடமாவது இருந்தால் அது மிகப் பெறுமதியானது.

நெல்லாலை_சம்மாந்துறை

ஐயா, நீங்கள் எல்லாரும் தொழிலாளி பக்கமே பேசுகிறீர்கள். எனக்கு ஒரு சின்ன நெல் ஆலை. நிரந்தரமாக 12 பேர். பெரும்போக அறுவடை வந்தால் பெப்ரவரி, மார்ச்சில் இன்னும் 20 பேர் சேருவார்கள், முடிந்ததும் போவார்கள். ஏப்ரலில் இரண்டு பேரை நிறுத்தினால் கொழும்புக்கு எழுதி அனுமதி கேட்க வேண்டுமா? 15 பேருக்குக் குறைந்தால் இந்தச் சட்டம் இல்லை என்றுதானே எங்கள் கணக்குப் பிள்ளை சொன்னார்?

காரைதீவு_ஓய்வு

கணக்குப் பிள்ளை சொன்னது பாதி சரி முதலாளி. 15 பேர் என்பதை இன்றைக்கு ஆலைக்குள் நிற்கும் தலைகளை எண்ணிப் பார்ப்பதில்லை. நிறுத்தும் மாதத்துக்கு முந்திய ஆறு மாதத்தின் சராசரி பார்ப்பார்கள். ஏப்ரலில் நிறுத்தினால் ஒக்டோபர் முதல் மார்ச் வரை. நான்கு மாதம் 12 பேர், அது 48. இரண்டு மாதம் 32 பேர், அது 64. கூட்டினால் 112, ஆறால் பிரித்தால் 18க்கு மேல். நீங்கள் சட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள். அதே ஆளை ஜனவரியில் நிறுத்தினால் ஜூலை முதல் டிசம்பர் வரை சராசரி 12, வெளியே.

ஆனால் அறுவடைக்கு வந்து போகும் 20 பேருக்கும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு.

நெல்லாலை_சம்மாந்துறை

இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. சரி, பார்க்கிறேன்.

செங்கலடி_மகள்

180 நாள் என்றால் எங்கள் லைனில் புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், ஐந்து மாதம்தான். அவளும் 60 பேரில் ஒருத்தி. அவளுக்கு ஒன்றும் இல்லையா?

காரைதீவு_ஓய்வு

டெவாவில் இல்லை, அதை ஒளிக்க விரும்பவில்லை. அவளுக்குத் தொழில் நியாய சபை இருக்கிறது. வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். 15 பேருக்குக் குறைந்த இடத்தில் வேலை செய்பவர்களுக்கும் அதுதான் வழி. அங்கே நட்டஈட்டுக்கு அட்டவணை எதுவும் இல்லை, நியாயம் எது என்று சபைத் தலைவர் பார்த்துத் தீர்மானிப்பார்.

மருதமுனை_நெசவு

எனது தம்பியையும் போன மாதம் நிறுத்தினார்கள். துணி திருடினான் என்று. அவன் திருடவில்லை. அவனுக்கும் வருடத்துக்கு இத்தனை மாதம் என்று கிடைக்குமா?

காரைதீவு_ஓய்வு

அது தண்டனையாக நிறுத்தியது, டெவாவுக்குள் வராது. நியாய சபைக்குத்தான் போக வேண்டும். உள்ளக விசாரணை நடந்ததா, குற்றப் பத்திரம் கொடுத்தார்களா என்பதை எடுத்துக்கொண்டு சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். இந்த இழையில் கலந்தால் இரண்டும் குழம்பும், தனி இழை தொடங்குங்கள், வந்து எழுதுகிறேன்.

தோணிக்காரன்

ஐயா, இந்தியச் சட்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நோட்டீஸ் எத்தனை நாள், காசு எவ்வளவு என்பதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அரை மாதம் சரியா, பிழையா?

காரைதீவு_ஓய்வு

நியாயமான கேள்வி. முதலில் அறிவித்தல்.

ஆட்குறைப்பு என்றால் 1950 ஆம் ஆண்டின் தொழிற் பிணக்குகள் சட்டத்தில் ஒரு மாத எழுத்து அறிவித்தல் உண்டு. ஊழியருக்கோ அவருடைய சங்கத்துக்கோ கொடுத்து, பிரதியை ஆணையாளருக்கு அனுப்ப வேண்டும். ஆனால் பல கம்பனிகள் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைக்கின்றன. அறிவித்தல் கொடுத்தது அனுமதி வாங்கியதாகாது. டெவா அனுமதி அதற்கு மேல் வேண்டும். மூடுவதற்கு இந்தியாவின் 60 நாள் போலத் தனி எண்ணிக்கை இங்கே தேட வேண்டாம். கம்பனி ஆணையாளருக்கு விண்ணப்பம் போட வேண்டும், அவர் இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், இரு தரப்பையும் விசாரித்துத்தான் சொல்வார். அதுவரை நீங்கள் ஊழியர், சம்பளம் ஓட வேண்டும். நடைமுறையில் உங்களுடைய அறிவித்தல் காலம் அதுதான்.

இனிக் காசு. ஆணையாளரின் நட்டஈட்டு அட்டவணை 2005 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். ஆறிலிருந்து 14 ஆம் வருடம் வரை வருடத்துக்கு இரண்டு மாதம். அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, மொத்தம் 48 மாதத்தோடு நிற்கும். பணத்திலும் ஓர் உச்சி உண்டு, முன்பு 12.5 லட்சம், 2021 இல் 25 லட்சமாக்கினார்கள். ஆட்குறைப்புக்கும் மூடுவதற்கும் ஒரே அட்டவணைதான்.

மகள், உங்கள் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று சொல்ல முடியுமா?

செங்கலடி_மகள்

34,000. அதைவிட ஒழுங்காக வந்தால் வரவுக் கொடுப்பனவு 6,000.

காரைதீவு_ஓய்வு

இப்போதைக்கு 34,000 வைத்துப் பார்ப்போம். முதல் ஐந்து வருடம் 12.5 மாதம். அடுத்த ஆறு வருடம் 12 மாதம். மொத்தம் 24.5 மாதம். 34,000 ஆல் பெருக்கினால் 833,000 ரூபா.

இப்போது கம்பனி சொல்லும் அரை மாதத்துக்கு வாருங்கள். 11 வருடத்துக்கு ஐந்தரை மாதம், 187,000. இது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்திலிருந்து. 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் ஐந்து வருடம் முடித்த ஒருவர், தானாக விலகினாலும், ஓய்வு பெற்றாலும், மாதச் சம்பளக்காரர் என்றால் வருடத்துக்கு அரை மாதம். அது நீங்கள் ஏற்கனவே உழைத்துச் சேர்த்த காசு. நாளை நீங்களே கடிதம் கொடுத்து விலகினாலும் 30 நாளுக்குள் தர வேண்டியது. அதையே எடுத்து "நட்டஈடு" என்று பெயர் ஒட்டித் தருகிறார்கள். தோணிக்காரன் தம்பி, இந்தியாவின் 15 நாள் கணக்கும் அதே தொகைக்குக் கிட்ட வருவதால்தான் உங்களுக்கும் அது சரியாகப் பட்டது.

ஆகவே மகளுக்கு 833,000 நட்டஈடு ஒருபக்கம், 187,000 பணிக்கொடை மறுபக்கம். கூட்டினால் 1,020,000. கம்பனி காட்டுவது அதில் ஐந்தில் ஒரு பங்கும் இல்லை.

தோணிக்காரன்

இதை வாசித்து எனக்கே உடம்பு நடுங்கியது. கையெழுத்து வையுங்கள் என்று நான் எழுதியதை அழிக்கவில்லை, யாராவது அதே வீடியோவைப் பார்த்து வந்தால் கீழே உங்கள் பதிலையும் பார்க்கட்டும். தங்கச்சி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

கொக்கட்டிச்சோலை_சங்கம்

நான் தொழிற்சங்கத்தில் இருக்கிறேன். ஐயா எழுதியதோடு ஒத்துப் போகிறேன், இரண்டு இடத்தில் மட்டும் வேறு கருத்து.

வரவுக் கொடுப்பனவு 6,000 மாதா மாதம் தவறாமல் கிடைத்திருந்தால் அதையும் சம்பளமாகச் சேர்த்துக் கேட்க வேண்டும். 40,000 வைத்தால் நட்டஈடு 980,000. வித்தியாசம் 147,000. கேட்காமல் விடக் கூடாது.

மற்றது அந்த 17 பேர். வாசிக்கத் தெரியாத மொழியில், விளக்கம் சொல்லாமல் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று எடுக்க முடியாது என்பது எங்கள் நிலைப்பாடு.

காரைதீவு_ஓய்வு

கொடுப்பனவு பற்றி விசாரணையில் கேளுங்கள், அதில் தவறில்லை. ஆனால் வராத நாளுக்கு வெட்டப்படும் கொடுப்பனவைக் கம்பனி தரப்புக் கடைசி வரை எதிர்க்கும். நான் 34,000 வைத்துக் கணக்குப் பார்த்தது அதற்காகத்தான்.

17 பேர் விஷயம் கஷ்டம். கையெழுத்தைப் பார்த்ததும் அது சம்மதம்தான் என்று எடுத்துக்கொள்ளும் விசாரணை அதிகாரியும் இருக்கலாம், எப்படி வாங்கினார்கள் என்று தோண்டிக் கேட்பவரும் இருக்கலாம். அவர்கள் நாளைக்கே ஆளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்: தாளில் இருந்தது எனக்குப் புரியவில்லை, தமிழில் தரவில்லை, சம்பளமில்லாமல் இருக்க நான் சம்மதிக்கவில்லை, வேலைக்கு வரத் தயார். பதிவுத் தபாலில் கம்பனிக்கு, பிரதி தொழில் அலுவலகத்துக்கு. ஒரு மாதம் கழித்து எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கொக்கட்டிச்சோலை_சங்கம்

குருநாகலுக்கு மெஷின் கொண்டு போவதை எப்படிப் பார்க்கிறீர்கள்? மூடவில்லை, இடமாற்றம்தான் தருகிறோம், வராவிட்டால் அது உங்கள் விருப்பம் என்று சொல்வார்கள். எங்கள் பிள்ளைகள் எப்படிக் குருநாகல் போவார்கள்?

காரைதீவு_ஓய்வு

நியமனக் கடிதத்தில் எங்கும் மாற்றலாம் என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த வரி இருந்தால் கம்பனியின் கை ஓங்கும். இருந்தாலும், இங்கே ஒரு மெஷினும் மிஞ்சாமல் போனால் இந்த இடத்துத் தொழில் மூடப்பட்டதா இல்லையா என்று வாதாடலாம் என்று நினைக்கிறேன். மூடியதாக எடுத்தால் இன்னொரு சிக்கல். திரும்ப வேலை கொடு என்று சொல்ல இங்கே வேலையே இல்லை. அதனால்தான் அனுமதியில்லாமல் மூடியவர்களுக்கு, மீள வேலைக்குப் பதிலாக நட்டஈடு கட்டளையிட அந்தச் சட்டத்தில் தனிப் பிரிவு சேர்த்தார்கள். லே ஓஃப், ஆட்குறைப்பில் கதவு திறந்திருக்கிறது, உள்ளே விடு என்று கேட்கலாம். மூடினால் காசைத்தான் கேட்கலாம். மெஷின் லொறியில் ஏறும் முன்பு முறைப்பாடு பதிவாகியிருப்பது அதனால்தான் முக்கியம். ஏறிய பிறகு பிடித்து வைக்க இங்கே என்ன மிஞ்சும்?

கொக்கட்டிச்சோலை_சங்கம்

ஒத்துக்கொள்ள முடியவில்லை ஐயா. இடமாற்ற வரி இருந்தாலும் ஒரு தாயை மூன்று பிள்ளைகளோடு குருநாகலுக்கு அனுப்புவது நியாயமான இடமாற்றம் அல்ல என்று வாதாடுவோம்.

களுதாவளை_அக்கா

மகள், சேமலாப நிதி 55 வயது வரை எடுக்க முடியாது என்று எங்களை அலைய விட்டார்கள். பெண்களுக்கு 50. ஆனால் நம்பிக்கை நிதியம் வேறு, அது வேலை நின்றதும் எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. அதை மறக்க வேண்டாம். நான் மறந்துபோய் நாலு வருடம் கழித்துத்தான் எடுத்தேன்.

செங்கலடி_மகள்

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை கையெழுத்து வைக்காத 43 பேரில் 38 பேர் போனோம். கம்பனி பஸ் எங்கள் வீதிக்கு வரவில்லை, இரண்டு வான் பிடித்தோம். காவலாளி வாசலைத் திறக்கவில்லை, மேலிடத்து உத்தரவு என்றார். 7.20 என்று எழுதி எல்லாரும் கையெழுத்து வைத்தோம். காவலாளியிடம் கேட்டபோது அவரும் பெயர் எழுதித் தந்தார், பாவம், அவருக்கும் பயம்.

அங்கிருந்து நேராகத் தொழில் அலுவலகம். தமிழில்தான் எழுதிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு, பிரதியில் திகதி முத்திரை குத்தித் தந்தார்கள். 17 பேரில் 11 பேர் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டார்கள். மற்ற ஆறு பேர் யோசிக்கிறார்கள், ஓடர் வந்தால் தங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள் என்று நம்புகிறார்கள்.

எனது நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். 11 வருடத்துக்கு முந்தியது, மடிப்பில் கிழிந்திருக்கிறது. நான்காவது பந்தியில் "கம்பனியின் தேவைக்கு ஏற்ப" என்று ஏதோ இருக்கிறது, அதன் பிறகு வரும் வரி அந்தக் கிழிசலில் போய்விட்டது. ஐயா, கம்பனியிடம் உள்ள பிரதியைக் கேட்டு வாங்க எனக்கு உரிமை இருக்கிறதா?

காரைதீவு_ஓய்வு

இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள், கேட்ட கடிதத்தின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால் விசாரணை நாளில் அந்தக் கோப்பைக் கொண்டுவரச் சொல்லி அதிகாரியிடம் கேட்கலாம். 60 பேரில் உங்களோடு ஒரே மாதத்தில் சேர்ந்தவர் யாராவது இருக்கிறாரா? பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே அச்சுக் கடிதம்தான் கொடுத்திருப்பார்கள். அவருடைய நான்காவது பந்தியை வாசித்துப் பாருங்கள்.